நாய்க்குத் தடுப்பூசி போட்ட அன்று: எது சாதாரணம், எதற்கு ஓட வேண்டும்

முதல் தடவை நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஊசி போட்ட அன்று இரவு கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நாய் சுருண்டு படுத்திருக்கு, சாப்பிடவும் இல்லை, இது பரவாயில்லையா?" பெரும்பாலும் பரவாயில்லை. உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்று. அதை அநேகமானோர் பயப்படாமல் விட்டுவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் விட்டோம், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் குட்டியின் பெயர் சீனி. பொமரேனியன் கலப்பு, அப்போது நான்கு மாதம், மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஒரு சனிக்கிழமை பின்னேரம் 4.50 அளவில் ஊசி போட்டோம். பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்த கூட்டு ஊசியின் இரண்டாவது தவணை, அதோடு விசர்நாய் ஊசியும் அதே நேரத்தில். காசைக் கட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து ஓட்டோ பிடித்தோம். காலி வீதியில் வழக்கமான நெரிசல். பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் சீனி ஒரு தரம் சத்தி எடுத்தாள். "ஓட்டோ ஒத்துக்கொள்ளேல்லைப் போல" என்றா அம்மம்மா. எங்களுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது, ஏனென்றால் வாகனத்தில் வாயூறி வாந்தி எடுக்கிற பிள்ளைதான் அவள். ஏழெட்டு நிமிடத்தில் இன்னொரு தரம், இந்த முறை வெறும் நுரையும் மஞ்சள் தண்ணியும், கூடவே துவாயில் தண்ணியாகக் கழிச்சல். வெள்ளவத்தையில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது அவளால் நிற்க முடியவில்லை, பின்னங்கால் மடிந்து அப்படியே இருந்துவிட்டாள். வாயைத் தூக்கிப் பார்த்தால் முரசு வெள்ளைக் கடதாசி மாதிரி. முகத்தில் வீக்கம் இல்லை, தடிப்பு இல்லை, சொறியவும் இல்லை. ஒவ்வாமை என்றால் முகம் வீங்கும் என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே ஓட்டோவில் திரும்பிப் போனோம். டொக்டர் பார்த்த உடனே அட்ரினலின் போட்டு, காலில் சேலைன் ஏற்றினார். அவள் பிழைத்துக்கொண்டாள். பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் பாதி: "மனுசருக்கு அலர்ஜி எண்டால் தொண்டையும் நெஞ்சும். நாய்க்கு முதலில் அடிபடுறது ஈரலும் குடலும்."

அதாவது நாயின் உடலில் கடுமையான ஒவ்வாமை, அனபிலாக்சிஸ் என்பார்கள், வரும்போது ஹிஸ்டமின் போன்ற பொருட்கள் ஈரலையும் குடலையும் சுற்றியுள்ள இரத்த நாளங்களைத்தான் அதிகம் தாக்குகின்றன. ஈரலிலிருந்து இரத்தம் வெளியேறும் வழி இறுகி, இரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைய, அழுத்தம் விழுகிறது. வெளியே நமக்குத் தெரிவது வாந்தி, வயிற்றோட்டம், சில வேளை இரத்தம் கலந்த கழிச்சல், வெளிறிய முரசு, தள்ளாட்டம், அப்புறம் மயக்கம். முக வீக்கம் வரலாம், வராமலும் போகலாம். வீங்கவில்லை என்பதால் ஒவ்வாமை இல்லை என்று நினைப்பதுதான் பெரிய பிழை.

சரி, இனி வரிசையாக.

போவதற்கு முன்

காலை நேரத்தில் போங்கள். பின்னேரம் போட்டால் முகம் வீங்குவது இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும் வரலாம், அப்போது உங்கள் கிளினிக் பூட்டியிருக்கும். போயாவுக்கு முதல் நாள், ஞாயிறுக்கு முதல் நாள் பின்னேரம் என்று நாங்கள் செய்த மாதிரிச் செய்ய வேண்டாம். அதோடு, இரவில் திறந்திருக்கும் மிருக வைத்தியசாலை ஒன்றின் இலக்கத்தை ஊசிக்கு முன்பே போனில் போட்டு வையுங்கள். 1990 சுவசெரிய மனிதருக்கு மட்டும், நாய்க்கு அம்புலன்ஸ் என்று ஒன்றை அவசரத்தில் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது. நாயை ஏற்றச் சம்மதிக்கும் ஓட்டோக்காரர் ஒருவரின் இலக்கமும் இருந்தால் நல்லது, ஏனென்றால் செயலியில் கூப்பிட்டால் வருகிறவர் நாயைக் கண்டதும் போய்விடுவதும் உண்டு.

இன்னொன்று, நாய் நல்ல உடம்போடு இருக்கும்போது அதன் முரசை வடிவாகப் பார்த்து வையுங்கள். மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே பெருவிரலால் ஒரு கணம் அழுத்தி எடுங்கள். அந்த இடம் வெளுத்து, இரண்டு செக்கனுக்குள் திரும்ப இளஞ்சிவப்பாக வர வேண்டும். சில நாய்களுக்கு முரசு கறுப்பாக இருக்கும், அப்படியானால் கீழ் இமையை மெதுவாக இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள். இதை வீட்டில் இரண்டு மூன்று தரம் செய்து பழகியிருந்தால் அன்றைக்குத் தடுமாற மாட்டீர்கள். எனக்குச் சீனியின் வழக்கமான நிறம் தெரியாது, அன்று அவ்வளவு வெள்ளையாக இருந்ததால் மட்டும்தான் தெரிந்தது.

அன்றைக்குப் புதுச் சாப்பாடு எதுவும் கொடுக்காதீர்கள். வாந்தி வந்தால் ஊசியாலா சாப்பாட்டாலா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.

முதல் அரை மணித்தியாலம்: கிளினிக்கை விட்டு அசைய வேண்டாம்

இதை மட்டும் செய்தாலே பாதி ஆபத்து போய்விடும். கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் ஊசி போட்டுச் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் வருகிறது. அதனால் காசு கட்டியதும் ஓடாமல், வாசல் வாங்கிலோ வெளியே மர நிழலிலோ அரை மணி நேரம் நாயோடு இருங்கள். "கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறோம்" என்று சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை. கூட்டமாக இருந்தால், வேறு நாய்கள் கிட்ட வராத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், குட்டி இன்னும் முழுப் பாதுகாப்பு பெறவில்லை.

அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது: வாந்தி, திடீர்க் கழிச்சல், அதிகமாக எச்சில் வடிதல், காரணமில்லாத பதற்றம், அதன்பின் ஒரேயடியாக அடங்கிப்போதல். பதற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றி நடந்து, பிறகு சட்டென்று படுத்துக்கொள்வது சில நாய்களில் முதல் அறிகுறி. ஊசி குத்தியவுடன் ஒரு கத்துக் கத்துவதும் அந்த இடத்தை நக்குவதும் வேறு, அது வலி, இரண்டு நிமிடத்தில் மறந்துவிடும்.

முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு வாந்தி வந்தால் உடனே முரசைப் பாருங்கள். நிறம் சரி, நாயும் வாலாட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் டொக்டரிடம் சொல்லிவிட்டு இன்னும் அரை மணி இருங்கள். முரசு வெளிறியிருந்தாலோ, இரண்டாவது வாந்தி வந்தாலோ, கால் தள்ளாடினாலோ, யோசிக்க ஒன்றுமில்லை, உள்ளே போங்கள். வழியில் என்றால் வண்டியைத் திருப்புங்கள். "ஓட்டோ ஒத்துக்கொள்ளவில்லை" என்ற விளக்கம் உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் வாகனத்தால் வருகிற வாந்தியில் வண்டி நின்றதும் நாய் மெல்ல மெல்லத் தெளியும். ஒவ்வாமையில் வண்டி நின்ற பிறகும் சோர்ந்துகொண்டே போகும்.

போகும் வழியிலேயே கிளினிக்குக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள், கதை வேண்டாம், இப்படி: "ஊசி போட்டு இருபத்தைந்து நிமிடம், மூன்று கிலோ குட்டி, இரண்டு தரம் சத்தி, முரசு வெள்ளை, பத்து நிமிடத்தில் வருகிறோம்." அவர்கள் மருந்தை எடுத்து வைத்திருப்பார்கள். நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, கழுத்து மடியாமல் நேராக வைத்துக்கொள்ளுங்கள். மயக்கமாக இருக்கும் நாயின் வாயில் தண்ணி, குளுக்கோஸ், மருந்து எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

பிரிட்டோன் குளிசை பற்றி ஒரு வார்த்தை

எங்கள் வீடுகளில் சொறி, தும்மல் எது வந்தாலும் கைவசம் இருப்பது இந்தக் குளிசைதான், "ஒண்டில பாதி குடுத்தால் சரி" என்று யாராவது சொல்லவும் செய்வார்கள். இது ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்து, தோல் தடிப்புக்கும் சொறிக்கும் உதவும், டொக்டரே நாய்க்கு எழுதிக் கொடுப்பதும் உண்டு. ஆனால் விழுந்த இரத்த அழுத்தத்தை இது தூக்காது. வாயால் கொடுத்து வேலை செய்யத் தொடங்கவே நேரம் எடுக்கும், வாந்தி எடுக்கும் நாய்க்கு அது உள்ளே நிற்கவும் மாட்டாது. அந்த நேரத்தில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசியும் சேலைனும்தான், ஸ்டீரொய்ட் கூடப் பின்னால் வருகிற துணைதான். ஆகவே குளிசையைக் கொடுத்துவிட்டு "பார்ப்போம்" என்று காத்திருப்பதுதான் பிழை. உங்கள் நாயின் எடைக்கு இவ்வளவு என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தால், முகம் வீங்கும் வகைக்கு, போனில் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். தடிமன் குளிசைகளை, அதாவது பல மருந்து கலந்தவற்றை, அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

வீட்டுக்கு வந்து இரவு வரை: முகம்

இரண்டாவது வகை இதுதான், பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாதது. சில நிமிடங்களிலிருந்து சில மணித்தியாலங்களுக்குள், அரிதாக இரவு வரை, மூக்கைச் சுற்றியும் உதட்டிலும் கண் இமையிலும் வீக்கம் வரும். கண் சிறுத்து, முகம் குளவி கொட்டின மாதிரி ஊதியிருக்கும். உடம்பில் தடிப்புகள் வரும், மயிர் குறைந்த நாயில் கொப்புளம் போலவே தெரியும், மயிர் அடர்ந்த நாயில் ரோமம் அங்கங்கே சிலிர்த்துக் குத்தி நிற்கும், கையால் தடவினால்தான் மேடு பள்ளம் தெரியும். நாய் முகத்தைத் தரையில் தேய்க்கும், காலால் கண்ணைப் பிறாண்டும்.

இதற்கும் அன்றைக்கே டொக்டரைப் பார்க்க வேண்டும், ஆனால் சீனிக்கு ஓடின மாதிரி மூச்சுப் பிடித்து ஓட வேண்டியதில்லை. ஒரு ஊசி போட்டால் வழக்கமாகச் சில மணித்தியாலங்களில் வற்றிவிடும். போகும்வரை பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் முரசையும் மூச்சையும் பாருங்கள். வீக்கத்தோடு வாந்தி சேர்ந்தாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ, நாய் கழுத்தை நீட்டிக்கொண்டு மூச்சுக்குப் போராடினாலோ, அது முதல் வகைக்கு மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஏற்கனவே மூச்சுவழி ஒடுங்கியது, அவற்றுக்கு முகம் வீங்கினால் நான் காத்திருக்கவே மாட்டேன்.

கழுத்துப் பட்டியைக் கழற்றிவிடுங்கள். இது சின்ன விஷயம், ஆனால் அந்தப் பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது.

சோர்வு: இது பொதுவாக நல்ல வகை

இனித்தான் எல்லோரும் பயப்படுகிற பகுதி. ஊசி போட்டுச் சில மணித்தியாலங்கள் கழித்து, நாய் மந்தமாகி, சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய், வழக்கமாக ஏறும் கதிரையில் ஏறாமல், ஊசி போட்ட பக்கத்தைத் தொட்டால் முறுகும். இலேசான காய்ச்சலும் இருக்கலாம். இது உடம்பு ஊசியை ஏற்று வேலை செய்வதன் அடையாளம், ஒன்று இரண்டு நாளில் போய்விடும். இதை ஒவ்வாமையிலிருந்து பிரிக்க எளிய வழி நேரம்தான்: ஒவ்வாமை சீக்கிரம் வந்து வேகமாகக் கூடும், இந்தச் சோர்வு தாமதமாக வந்து அப்படியே மெதுவாக நிற்கும். கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிறதா, தண்ணி குடிக்கிறதா, வெளியே கூட்டிப்போனால் நடந்து போய் மூத்திரம் பெய்கிறதா, முரசு இளஞ்சிவப்பா? ஆம் என்றால் படுக்க விடுங்கள்.

கொழும்பு வெயிலில் ஒரு குழப்பம் வரும். பகலில் எந்த நாயும் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும், அதைக் காய்ச்சல் என்று நினைப்போம். மூக்கு காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதும் பயனில்லை. சந்தேகமாக இருந்தால் தெர்மோமீட்டரில் பாருங்கள், முனையில் வாசலின் தடவி, ஆசனவாயில் இரண்டு சென்டிமீட்டர் அளவு மெதுவாக, ஒருவர் நாயின் தலையைப் பிடித்துக் கதைத்துக்கொண்டிருக்க மற்றவர் வைக்க வேண்டும். நாயின் சாதாரண வெப்பநிலை 38.3 முதல் 39.2 பாகை வரை, மனிதக் கணக்கில் அது காய்ச்சல், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 39.5 அளவு ஊசி அன்று வரலாம். 40ஐத் தொட்டால் டொக்டருக்குச் சொல்லுங்கள். அந்தத் தெர்மோமீட்டரில் நாய் என்று எழுதி ஒட்டி வையுங்கள், ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

மூச்சை எண்ணுவது இன்னும் எளிது, குளிர்ந்த இடத்தில் நாய் தூங்கும்போது நெஞ்சு உயர்ந்து தாழ்வதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். முப்பதுக்குள் இருக்க வேண்டும். தூக்கத்திலும் அதைவிட நன்றாகக் கூடிக்கொண்டே போனால் கேட்க வேண்டிய விஷயம்.

காய்ச்சலுக்கும் வலிக்கும் பெனடோல் கொடுக்க வேண்டாம். இபுபுரொபென் கட்டாயம் வேண்டாம், நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஊசி போட்ட இடத்தை அமத்தி உருவுவதும் வேண்டாம், நோகுது என்றால் ஈரத் துணியைச் சில நிமிடம் வைத்தால் போதும். அன்றைக்குக் குளிப்பாட்டாதீர்கள், ஓட விடாதீர்கள். சாப்பிட மறுத்தால் கட்டாயப்படுத்தாமல், இரவில் கொஞ்சம் சோறும் வேகவைத்த கோழியும் வையுங்கள், தின்றால் தின்னட்டும்.

ஊசி போட்ட இடத்தில் கடலை அளவு கட்டி அடுத்தடுத்த நாட்களில் வரலாம். இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். பெருத்துக்கொண்டே போனாலோ, சூடாகி நீர் வடிந்தாலோ காட்டுங்கள். மூக்கில் விடும் இருமல் தடுப்பு மருந்து கொடுத்திருந்தால் சில நாட்களில் தும்மலும் இலேசான இருமலும் வரும், அதுவும் தானாகப் போகும்.

இரவில்

நாய் உங்கள் அறையில் படுக்கட்டும். மணிக்கணக்கில் விழித்திருக்க வேண்டியதில்லை, படுக்கப் போகும்போது ஒரு தரம், இடையில் எழும்பினால் ஒரு தரம் முரசும் முகமும் பார்த்தால் போதும். ஆனால் அன்று ஏற்கனவே கடுமையான ஒவ்வாமை வந்து சிகிச்சை பெற்ற நாய் என்றால் அது வேறு கதை. மருந்தின் வேகம் தணிந்த பிறகு சில மணித்தியாலம் கழித்து அறிகுறிகள் திரும்ப வரலாம். அதனால் நாய் எழும்பி வாலாட்டத் தொடங்கியதும் "இனி வீட்டை கொண்டுபோகலாம்தானே" என்று டொக்டரை நெருக்க வேண்டாம். சீனியை இரவு ஒன்பது மணிவரை அங்கேயே வைத்திருந்து, பிறகு இரவுப் பராமரிப்பு உள்ள இடத்துக்கு மாற்றி, அடுத்த நாள் மத்தியானம்தான் தந்தார்கள். சேலைன் ஏற்றிய கால் மழித்திருக்க, அவள் எங்களைக் கண்டதும் செய்த முதல் வேலை, அம்மம்மாவின் சேலைத் தலைப்பைக் கடித்து இழுத்தது.

அடுத்த தவணை

எத்தனை நாய்களுக்கு இப்படி வருகிறது? அமெரிக்காவில் பன்னிரண்டு இலட்சத்துக்கும் அதிகமான நாய்களின் பதிவேடுகளைப் பார்த்து 2005இல் வெளியான ஆய்வில், ஊசி போட்ட மூன்று நாளுக்குள் ஏதாவது ஒவ்வாத விளைவு பதிவானது பத்தாயிரம் நாய்க்கு 38 என்ற அளவில். அதிலும் பெரும்பகுதி முக வீக்கமும் தடிப்பும் போன்றவை. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: உருவம் சிறுத்த நாய்க்கும், ஒரே வருகையில் பல ஊசி போட்ட நாய்க்கும் வாய்ப்புக் கூடுகிறது. பத்துக் கிலோவுக்குக் குறைந்த நாயில் ஒவ்வொரு கூடுதல் ஊசிக்கும் 27 வீதம். சீனி இரண்டிலும் வசமாக மாட்டியிருக்கிறாள்.

முதல் தவணையில் ஒன்றும் ஆகவில்லையே என்று எங்களைப் போல் நீங்களும் நினைப்பீர்கள். முதல் தரம் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் பிடித்து வைத்துக்கொள்ளும், அடுத்த தரம்தான் பாயும், அதனால் இரண்டாவதும் மூன்றாவதும் கவனமாக இருக்க வேண்டிய தவணைகள். அதோடு ஒவ்வாமை பல வேளை நோய்க்கிருமிக்கு எதிராக வருவதில்லை, ஊசி தயாரிக்கும்போது கலந்து நிற்கும் மாட்டுச் சீரம் போன்ற புரதங்களுக்கு எதிராக வருகிறது. ஆகவே வேறு தயாரிப்புக்கு மாறலாமா என்று டொக்டரிடம் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

எங்களுக்கு அவர் போட்டுத் தந்த திட்டம் இது: ஒரு வருகையில் ஒரு ஊசி மட்டும், அடுத்ததற்கு மூன்று வார இடைவெளி. காலை நேரம். ஊசிக்கு முன் ஹிஸ்டமின் தடுப்பு மருந்து, ஆனால் அது சிறு விளைவுகளைத்தான் குறைக்கும், பெரியதை நிச்சயமாகத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம் என்றார். அங்கேயே ஒரு மணித்தியாலம் காத்திருப்பு. பார்வோ, டிஸ்டெம்பர் போன்றவற்றுக்குக் குட்டிக்காலத் தவணைகள் முடிந்தால் வருடா வருடம் போடத் தேவையில்லை, எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்த்தும் முடிவெடுக்கலாம். எலிக்காய்ச்சல் பாதுகாப்பு அப்படி நீடிக்காது, அதை வருடந்தோறும் போட வேண்டும், கொழும்பில் மழைக்குக் கான் நிரம்பி ஓடும் ஒழுங்கைகளில் நடக்கும் நாய்க்கு அதை விடச் சொல்ல அவருக்கு மனமில்லை. விசர்நாய் ஊசியை விடுவது பற்றி நான் வாயைத் திறந்ததும், "அதை மட்டும் கேக்காதேங்கோ" என்று முடித்துவிட்டார். தெருநாய்களோடு ஒரே வீதியில் வாழும் ஊரில் அது சரிதான்.

தடுப்பூசி அட்டையில் அன்றைய ஊசிப் போத்தலின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், தயாரிப்புப் பெயரும் தொகுதி இலக்கமும் அதில் இருக்கும். அதன் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம்: ஊசி 4.50, முதல் வாந்தி 5.05, இரண்டாவது 5.12, நிற்க முடியவில்லை 5.20, முக வீக்கம் இல்லை. வேறு டொக்டரிடம் போக நேர்ந்தால் அட்டையைத் திறந்ததும் அவர் கண்ணில் படுவது அதுவாகத்தான் இருக்கும்.